ஜெலுத்தோங் தேநீர்க் கடை: 2025 அக்டோபர் மாத லாப நட்டக் கணக்கு

பெறுநர்: மாமா, அத்தை இருவருக்கும்
காலம்: 1.10.2025 முதல் 31.10.2025 வரை. கடை திறந்த நாள்கள் 25. (செவ்வாய் விடுமுறை நான்கு, தீபாவளிக்காக 19, 20 தேதிகள்.)

மாமா, உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "இந்த மாதம் மிச்சம் 180 வெள்ளி" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். கல்லாவையும் வங்கிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 180 சரியாகவே வருகிறது. ஆனால், கடை சம்பாதித்தது அவ்வளவுதான் என்று அத்தையிடம் சொல்லாதீர்கள். கீழே உள்ளதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

| விவரம் | ரி.ம. | ரி.ம. |
|---|---:|---:|
| வருமானம் | | |
| பானங்கள், ரொட்டி பாக்கார், முட்டை விற்பனை | 16,840.00 | |
| நாசி லெமாக் கமிஷன் (810 பொட்டலம், தலா 40 காசு) | 324.00 | |
| மொத்த வருமானம் | | 17,164.00 |
| விற்ற சரக்கின் அடக்கம் | | |
| 1.10 அன்று கையிருப்பு | 640.00 | |
| டின் பால் | 3,120.00 | |
| தேயிலைத் தூள், காப்பித் தூள், மைலோ | 1,845.00 | |
| சீனி (120 கிலோ, கிலோ 2.85) | 342.00 | |
| ரொட்டி, முட்டை, காயா, வெண்ணெய் | 1,463.00 | |
| ஐஸ் | 300.00 | |
| கப், பிளாஸ்டிக் பை, ஸ்ட்ரா | 316.00 | |
| கழிக்க: 31.10 அன்று கையிருப்பு | (910.00) | |
| அடக்கம் | | 7,116.00 |
| மொத்த லாபம் | | 10,048.00 |
| கடைச் செலவுகள் | | |
| உதவியாளர் சம்பளம் | 1,700.00 | |
| சேமநிதி, சொக்சோ, வேலை காப்புறுதி (முதலாளி பங்கு) | 253.15 | |
| இட வாடகை | 1,200.00 | |
| கேஸ் | 360.00 | |
| மின்சாரம் | 286.40 | |
| தண்ணீர் | 64.60 | |
| சோப்பு, டிஷ்யூ, துப்புரவுச் சாமான் | 118.00 | |
| அடுப்பு ரிப்பேர் | 85.00 | |
| மோட்டார் சைக்கிள் பெட்ரோல் (கடைக்கு மட்டும்) | 60.00 | |
| பாய்லர் தேய்மானம் | 30.00 | |
| மாநகர் மன்ற உரிமம் (ஆண்டுக்கு 240, மாதப் பங்கு) | 20.00 | |
| மொத்தச் செலவு | | 4,177.15 |
| நிகர லாபம் | | 5,870.85 |

விற்பனையைக் கண்டுபிடித்த விதம்

உங்கள் நோட்டில் "விற்பனை" என்று ஒரு வரிகூட இல்லை. இரவில் கல்லாவில் எவ்வளவு இருந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. பகல் முழுவதும் அதே கல்லாவிலிருந்துதான் பால்காரருக்கும், ஐஸுக்கும், வீட்டு மீனுக்கும் பணம் போயிருக்கிறது. அதனால் போன பணத்தை எல்லாம் திரும்பக் கூட்டித்தான் விற்பனைக்கு வர வேண்டியிருந்தது. ஒரு நாளை அப்படியே எடுத்துக் காட்டுகிறேன். 11ஆம் தேதி, சனிக்கிழமை, உங்கள் கையெழுத்தில்:

"சில்லறை 150. பால் 84. ஐஸ் 12. நாசி 40, திரும்பியது 6, கொடுத்தது 71.40. மீன் 25. இரவு 612. கியூஆர் 138."

இரவு இருந்த 612உடன், கல்லாவிலிருந்து வெளியே போன 192.40ஐக் கூட்டினால் 804.40. இதில் காலையில் நீங்களே போட்ட சில்லறை 150ஐக் கழித்தால், அன்று ரொக்கமாக வந்தது 654.40. கியூஆர் வழியாக வங்கிக்குப் போன 138ஐயும் சேர்த்தால் மொத்தம் 792.40. கல்லாவை மட்டும் பார்க்கிறவர் அன்று 612 வெள்ளி வியாபாரம் என்பார்.

அந்த 792.40இலும் ஒரு பகுதி நம்முடையது அல்ல. 34 பொட்டலம் நாசி லெமாக் 2.50 வீதம் 85 வெள்ளிக்கு விற்றிருக்கிறது. அதில் 71.40 பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அக்காவின் பணம். விற்காமல் போனதை அவரே எடுத்துக்கொள்கிறார், நட்டமும் அவருடையதே. நம் பங்கு 13.60. ஆகவே அன்று கடையின் வருமானம் 721 வெள்ளி. மாதம் முழுவதும் இதே முறையில்தான் போட்டிருக்கிறேன்.

நாசி லெமாக் நாளுக்கு எண்பது வெள்ளி கொண்டுவருகிறது என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். மேசைக்கு வருவது எண்பது, நமக்குத் தங்குவது சராசரியாக 13. அதற்காக அதை நிறுத்தச் சொல்லவில்லை. பொட்டலம் எடுக்கிறவர் கூடவே ஒரு தே தாரிக்கும் கேட்கிறார். அந்த லாபம் மேல் வரியில் இருக்கிறது. பொட்டலத்தின் விலையை ஏற்றுவது பற்றி அக்காவிடம் பேசுவதானால் மட்டும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

16ஆம் தேதி வியாழக்கிழமை இரவு கல்லா எழுதவில்லை. மறுநாள் காலை வங்கியில் 480 போட்ட ரசீது இருந்தது. கல்லாவில் வழக்கம்போல 150 விட்டிருந்தீர்கள். எனவே 630 என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்கில் சேர்க்காத சில

புது பாய்லருக்குக் கொடுத்த 1,800ஐ நீங்கள் அக்டோபர் செலவாக எழுதியிருந்தீர்கள். அது அடுத்த மாதமும் தண்ணீர் கொதிக்க வைக்கப் போகிறது; ஐந்து வருடமாவது வரும் என்று கடைக்காரர் சொன்னதை நீங்களே சொன்னீர்கள். ஆகவே 60 மாதங்களுக்குப் பிரித்து மாதம் 30 வெள்ளி தேய்மானமாகப் போட்டேன். இது உங்களுக்கான மாதக் கணக்கு. வருமான வரிக்கு மூலதனக் கழிவு என்று தனி விதி உண்டு. அதை ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு தீபாவளிக்குக் கொடுத்த 300 முன்பணம். நவம்பர், டிசம்பர் சம்பளத்தில் 150 வீதம் பிடிப்பதாகப் பேச்சு. அது திரும்பி வரும் பணம், செலவில் சேராது. அவர் சம்பளம் 1,700இல்தான் நிற்கிறது. ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கும் அதுதான் குறைந்தபட்சச் சம்பளம். பக்கத்துக் கடைக்காரர் 1,500 போதும் என்கிறார் என்றால் அவருக்கு யாரோ பழைய கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள்.

17ஆம் தேதி மளிகை பில் 212 வெள்ளி, "கடைச் சரக்கு" என்று மேலே எழுதியிருக்கிறது. பில்லைப் பிரித்துப் பார்த்தேன். நெய், உளுத்தம் மாவு, முந்திரி, ஏலக்காய்! நம் கடையில் யாருக்கும் முறுக்கு விற்றதாக நினைவில்லை. 146ஐ வீட்டுக் கணக்கில் தள்ளினேன். மீதி 66 சரக்கில் இருக்கிறது.

மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் நவம்பரில்தான் கட்டப்பட்டன. எரித்தது அக்டோபரில் என்பதால் அக்டோபரில் போட்டிருக்கிறேன். அதே காரணத்தால் அக்டோபரில் கட்டிய செப்டம்பர் பில் 365 வெள்ளி இந்தக் கணக்கில் வராது.

5,870 எங்கே போனது

| விவரம் | ரி.ம. |
|---|---:|
| நிகர லாபம் | 5,870.85 |
| கூட்ட: இந்த மாதம் பணமாகக் கொடுக்காத தேய்மானம், உரிமம் | 50.00 |
| கழிக்க: பில் வித்தியாசம் (கட்டியது 365, கட்ட வேண்டியது 351) | (14.00) |
| கழிக்க: கூடுதலாக வாங்கி வைத்த சரக்கு | (270.00) |
| கழிக்க: பாய்லர் | (1,800.00) |
| கழிக்க: தம்பிக்கு முன்பணம் | (300.00) |
| கழிக்க: சொந்த எடுப்பு | (3,356.00) |
| கல்லா, வங்கி இரண்டிலும் கூடியது | 180.85 |

1ஆம் தேதி காலை கல்லாவும் வங்கியும் சேர்ந்து 4,212.40. 31ஆம் தேதி இரவு 4,393.25. காசு பிசகாமல் பொருந்துகிறது. அதனால் நோட்டில் எதுவும் விடுபடவில்லை என்று நம்புகிறேன்.

சொந்த எடுப்பு 3,356 எப்படி என்றால், அத்தையிடம் வாரம் 450 வீதம் நான்கு முறை கொடுத்தது 1,800. தீபாவளித் துணிமணி 1,100. அந்த முறுக்குச் சாமான் 146. கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்த மீன், காய்கறி 310. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தீபாவளி மாதம். கடை உங்கள் பெயரில் தனி உரிமையாளர் கடையாக இருப்பதால் நீங்கள் எடுக்கும் பணம் சம்பளச் செலவாகாது. எவ்வளவு எடுத்தாலும், எடுக்காமல் விட்டாலும், லாபம் 5,870.85தான். வரியும் அதை வைத்துத்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிடலாம். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை 13 மணி நேரம், 25 நாள்: ஆளுக்கு 325 மணி. அத்தையும் முழு நேரமும் நிற்கிறார், ஆக இருவருக்கும் 650 மணி. 5,870.85ஐ அதால் வகுத்தால் மணிக்கு 9.03 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.72. கடை நன்றாகவே ஓடுகிறது. ஒரு வெள்ளி வருமானத்தில் ஏறக்குறைய 58 காசு அடக்கம் போக நிற்கிறது, பாலிலோ தூளிலோ வீணாவது அதிகம் இல்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் கிடைப்பது கூலியை விட 31 காசு அதிகம். தே தாரிக் விலையை இருபது காசு கூட்டலாமா என்று மூன்று மாதமாக யோசிக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கூட்டுங்கள் என்பேன். முதலில் ஐஸ் போட்ட பானங்களில் தொடங்குங்கள், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

நவம்பர் நோட்டுக்கு

வீட்டுக்கு எடுக்கும் பணத்துக்கு இடப்பக்கம், கடைச் செலவுக்கு வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாசி லெமாக்கின் எண்ணிக்கையை இப்போது எழுதுவது போலவே எழுதினால் போதும். கியூஆர் தொகையை நான் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கைப்பேசியைப் பார்த்து எழுதத் தேவையில்லை. பில்களை பிஸ்கட் டின்னில் போடுவதை நிறுத்த வேண்டாம். ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் விதி, டின் நிரம்பினால் இன்னொரு டின் வாங்கித் தருகிறேன். மை அழியும் வெப்பத்தாள் ரசீதுகளை மட்டும் அன்றன்றே படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், தம்பி செய்வார். 2025ஆம் ஆண்டுக்கான பி பாரத்தை அடுத்த ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும், இணையம் வழி என்றால் ஜூலை 15 வரை பொறுப்பார்கள். ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான நோட்டுகள் அத்தையின் அலமாரியில் இருப்பதாகச் சொன்னீர்கள். வரும் செவ்வாய்க்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

30ஆம் தேதி ஞாயிறு இரவு கடை மூடிய பிறகு சரக்கை எண்ண வேண்டும். திறந்த டின்னை எண்ணாதீர்கள், உடைக்காத பெட்டியும் முழு டின்னும் மட்டும். சீனி மூட்டையைத் தராசில் வைத்து எடையை எழுதி வைத்தால் போதும், விலையை நான் போட்டுக்கொள்கிறேன்.