பெயர்க் கூடையும் வினைக் கூடையும்: மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடக்குறிப்பு

வகுப்பு: 3 (24 குழந்தைகள், ஆறு பேராக நான்கு குழு)
நேரம்: 40 நிமிடம் வீதம் இரண்டு பாடவேளை, அடுத்தடுத்த நாள்களில்
பாடப்பொருள்: பெயர்ச்சொல், வினைச்சொல்

பாடம் முடியும்போது குழந்தையிடம் எதிர்பார்ப்பது: ஒரு வாக்கியத்தைப் படித்து, அதில் எது பெயர், எது செயல் என்று பிரித்து, ஏன் அப்படி என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வரையறையை ஒப்பிப்பது போதாது. ‘ஒன்றன் பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல்’ என்று கணீரென்று சொல்லும் பிள்ளையே ‘மழை’யைக் கொண்டுபோய் வினையில் வைக்கும். கேட்டால், “மழை பெய்யுதுல்ல டீச்சர்” என்று பதில் வரும்.

தயாரிப்பு

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு வாக்கியமாக எழுதவும். எழுத்து கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும். எல்லாச் சொற்களும் ஒரே நிற ஸ்கெட்ச்சில் இருக்கட்டும். பெயருக்கு நீலம், வினைக்குச் சிவப்பு என்று அழகுக்காக எழுதினால் குழந்தைகள் நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள், சொல்லைப் படிக்கவே மாட்டார்கள். இரண்டு கூடைகள், ஒரு தட்டு, நான்கு உறைகள், ஒரு கத்தரிக்கோல், சுண்ணக்கட்டி.

முதல் நாளுக்கான வாக்கிய அட்டைகள்:

அமுதா பந்தை எறிந்தாள்.
குருவி கூடு கட்டியது.
பாட்டி வாசலில் கோலம் போட்டார்.
பசு வைக்கோல் தின்கிறது.
தாத்தா சந்தைக்குப் போனார்.
மழை பெய்தது.
பறந்தது பட்டம்.
இது என் பை.

கடைசி இரண்டும் வேண்டுமென்றே சேர்த்தவை. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். நாலு அட்டை பார்த்ததுமே குழந்தைகள் இதைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொல்லை வினை என்று வைக்கத் தொடங்குவார்கள். ‘பறந்தது பட்டம்’ அந்தக் குறுக்குவழியை அடைக்கும். ‘இது என் பை’யில் வினையே இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “இதுல யாரும் எதுவும் செய்யல டீச்சர்” என்று ஒரு குழந்தை சொன்னால், பாடம் அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் நாள்

தொடக்கம் (5 நிமிடம்). எதுவும் பேசாமல் கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன், உட்காருகிறேன், எழுதுகிறேன். “நான் என்ன செய்தேன்?” சொல்வதைக் கரும்பலகையின் வலப்பக்கம் எழுதவும். பிறகு கதவு, நாற்காலி, சுவர், சன்னல் என்று தொட்டுக் காட்டி, “இது என்ன?” அவை இடப்பக்கம். இந்த இரண்டு கேள்விகள்தாம் இன்று முழுவதும் கருவி. தலைப்பை இப்போது எழுத வேண்டாம்.

வாக்கிய அட்டை (15 நிமிடம்). ‘அமுதா பந்தை எறிந்தாள்’ அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

“எறிந்தது யாரு?”
“அமுதா.”
“எதை?”
“பந்தை.”
“அமுதா என்ன செய்தாள்?”
“எறிந்தாள்.”

‘எறிந்தாள்’ என்ற சொல்லைக் கத்தரித்துத் தனியே எடுக்கவும். மிச்சத்தைக் காட்டி, “அமுதா பந்தை... இப்போ கதை தெரியுதா?” என்று கேட்கவும். பந்தைப் பிடித்தாளா, தொலைத்தாளா, ஒளித்து வைத்தாளா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்லவிடவும், அவசரப்படுத்த வேண்டாம். அவர்கள் சொல்வதெல்லாம் வினைச்சொற்கள். வெட்டிய இடத்தில் அவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் படித்த பிறகு, ‘வினைச்சொல்’ என்ற பெயரைச் சொல்லலாம்.

‘வாசலில்’, ‘சந்தைக்கு’ வரும்போது சிலர் தயங்குவார்கள். “இதுக்குள்ளே எந்தப் பெயர் ஒளிஞ்சிருக்கு?” என்று கேட்டால் போதும். வேற்றுமை உருபு என்ற சொல் இந்த வயதுக்கு வேண்டாம்.

பிரித்தல் விளையாட்டு (15 நிமிடம்). வெட்டிய சொற்கள் குழுவுக்கு ஓர் உறையில். தரையில் இரண்டு வட்டம், ஒன்றில் பெயர்க் கூடை, மற்றதில் வினைக் கூடை. நடுவில் ‘யோசிக்கலாம்’ தட்டு. ஒரு குழந்தை சொல்லை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும், எந்தக் கூடை என்று சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். குழு ஒத்துக்கொண்டால்தான் கூடைக்குள் போகும், இல்லாவிட்டால் தட்டுக்கு. முதலில் முடித்த குழுவுக்குக் கைதட்டல் கிடையாது. வேகத்துக்குப் பரிசு வைத்தால் படிக்கத் தெரிந்த இருவர் எல்லா அட்டையையும் பிடுங்கிக்கொள்வார்கள், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்னும் படிக்கத் தடுமாறும் அரும்பு நிலைக் குழந்தைகளுக்குச் சொல்லோடு சிறு படமும் வரைந்த அட்டை. அவர்களும் அதே குழுவில்தான், தனியே உட்காரவைக்க வேண்டாம்.

கடைசி 5 நிமிடம் தட்டில் சேர்ந்த சொற்களை வகுப்பே சேர்ந்து தீர்க்கும். ‘இது’, ‘என்’ இங்கே வந்திருக்கலாம். “இது எந்தப் பொருளுக்குப் பதிலா வந்திருக்கு?” என்று கேட்டு, பெயர்க் கூடைப் பக்கம் நகர்த்தவும்.

இரண்டாம் நாள்

இன்று சோதனைச் சொற்கள். கரும்பலகையில் ‘ஆடு’ என்று மட்டும் எழுதி, எந்தக் கூடை என்று கேட்கிறேன். வகுப்பு இரண்டாகப் பிரியும். சிலர் கொம்பு காட்டுவார்கள், சிலர் எழுந்து ஆடுவார்கள். இருவர் சொல்வதும் சரிதான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இரண்டு அட்டைகளையும் தூக்கிப் பிடிக்கவும்:

ஆடு வேலியைத் தாண்டியது.
தம்பி, நீ ஆடு!

சொல் தனியாக நிற்கும்போது தெரியாதது, வாக்கியத்துக்குள் வந்ததும் தெரிந்துவிடுகிறது. தனிச்சொல் அட்டையில் தொடங்காமல் வாக்கிய அட்டையில் தொடங்கியதே இதற்காகத்தான். இதே போல இன்னும் இரண்டு இணைகள்:

வீட்டு ஓடு உடைந்தது. / கண்ணா, ஓடு!
கோயில் படி வழுக்கியது. / பாடத்தைப் படி.

இப்போது இரண்டு சோதனைகளைக் கற்றுக்கொடுக்கலாம். ஒன்று, நேற்று–நாளை சோதனை: நேற்று ஆடினான், நாளை ஆடுவான். காலத்துக்கு ஏற்ப மாறினால் வினை. இன்னொன்று, ‘ஐ’ சோதனை: ஆட்டைப் பிடி, ஓட்டை மாற்று, படியைக் கழுவு. பெயர் இதை ஏற்கும். பெயர் வேற்றுமை ஏற்கும், வினை காலம் காட்டும் என்று பெரியவர்கள் படிக்கும் இலக்கணம்தான் இது. எட்டு வயதில் காதால் கேட்டே கண்டுபிடிக்கிறார்கள். ‘மழையை’ என்று சொல்லிப் பார்த்த குழந்தை, மழை எந்தக் கூடை என்று மறுபடி கேட்காது.

பிறகு அதே விளையாட்டு, புதிய உறையுடன்: ஓட்டம், விளையாட்டு, சமையல், ஓடினாள், விளையாடுவோம், சமைக்கிறார். முதல் மூன்றிலும் செயலின் வாடை இருப்பதால் பலர் வினைக் கூடையில் போடுவார்கள். உடனே திருத்த வேண்டாம். “நேற்று, நாளை சொல்லிப் பாருங்க” என்று திருப்பி அனுப்பவும். தொழிற்பெயர் என்ற சொல்லை இன்று சொல்லத் தேவையில்லை.

‘நேற்று’, ‘மெதுவாக’, ‘சிவந்த’ போன்றவற்றை இந்த இரண்டு நாள் அட்டைகளில் எழுதாமல் இருப்பது நல்லது. ஒவ்வொன்றும் தனி விளக்கம் கேட்கும்.

மதிப்பீடு

விளையாட்டு நடக்கும்போதே குழுக்களிடையே நடந்து, குழந்தைகள் சொல்லும் காரணங்களைக் குறித்துக்கொள்ளவும். சரியான கூடையில் போட்டு, “சும்மா போட்டேன்” என்பவரையும், தவறான கூடையில் போட்டாலும் காரணம் சொல்பவரையும் வெவ்வேறாகக் குறிக்கவும். முன்னவரோடுதான் மறுநாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

வீட்டுவேலை

பள்ளிக்கு வரும் வழியில் பார்த்தவற்றில் ஒன்றை வாக்கியமாக ஒரு துண்டுத் தாளில் எழுதி வரவும். எழுத முடியாதவர்கள் வீட்டில் அக்காவிடமோ அம்மாவிடமோ சொல்லி எழுதி வாங்கி வரலாம். வரும் திங்கள்கிழமை அந்த 24 துண்டுகளும்தான் நம் வாக்கிய அட்டைகள்.