ஓரத்தில் தெரிந்த கைகளுக்கு: திருத்தணி ஆடிக் கிருத்திகை நன்றி வீடியோ

(திரையில்: விடியற்காலை. ஆளில்லாத மலைப்படிகள். ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் சாமந்தி இதழ்கள். துடைப்பச் சத்தம் மட்டும்.)

குரல்:
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

ஆடிப் பரணி, கிருத்திகை, அப்புறம் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததை எல்லாம் எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் கேமரா காவடியையே பார்த்து நின்றிருக்கிறது. ஆனால் திரையின் ஓரத்தில் அடிக்கடி ஒரு கை வருகிறது. மோர் டம்ளரை நீட்டுகிறது, கூட்டத்தில் கயிறு பிடிக்கிறது. முகம் தெரியவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களே, இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

(திரையில்: கிருத்திகை மதியம். படிகளில் தண்ணீர் ஊற்றும் பையன்கள்.)

குரல்:
365 படி. புஷ்பக் காவடியைத் தோளில் வைத்து, வெறுங்காலோடு ஏறுகிறவருக்கு மதிய வெயிலில் கல் எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் படி காய்ந்துவிடும். திரும்பவும் ஊற்றினீர்கள். யாரும் சொல்லி நீங்கள் அதைச் செய்யவில்லை.

(திரையில்: பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட மூதாட்டி. பக்கத்தில் கல்லூரிப் பெண்.)

குரல்:
நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்களுக்கும் இது சொந்த மலைதான். இந்தப் பாட்டிக்குத் தமிழ் வராது. "மெல்லகா எக்கண்டி, அவ்வா" என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று அழைத்துப் போனாயே தங்கச்சி, மேலே போனதும் அவர் உன் தலையில் கை வைத்தாரே, அந்த ஒரு காட்சியை மட்டும் நாங்கள் வெட்டவே இல்லை. முழுதாக அப்படியே போடுகிறோம்.

(அந்தக் காட்சி. குரல் இல்லை. காவடிச் சலங்கை ஒலி.)

குரல்:
தெப்பக்குளக் கரையில் ராத்திரி முழுக்கக் கயிறு பிடித்த அண்ணன்மாரே, நீங்கள் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். தெப்பம் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுற்றியது. மூன்று நாளும் நீங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால், அந்த மூன்று தெப்பத்தையும் இந்த வீடியோவின் கடைசியில் உங்களுக்காகச் சேர்த்திருக்கிறோம். உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள்.

சமையல் கட்டில் இருந்தவர்களுக்கும், செருப்பு பார்த்துக்கொண்டவர்களுக்கும், காணாமல் போன குழந்தைகளின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் தொண்டை கட்டும்வரை மைக்கில் சொன்னவருக்கும் எங்கள் வணக்கம்.

சரி, ஒரு விஷயம். இத்தனை நாளும் மலையில் இருந்து, சாமியை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் உங்களில் பலர். வரும் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு அடிவாரத்தில் கூடுவோம். வீட்டில் எல்லோரையும் அழைத்து வாருங்கள். பேட்ஜ் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டாம், நேராக ஏறிப் போய்த் தணிகைநாதனைக் கண் நிறையப் பாருங்கள்.

அரோகரா!

(திரையில்: மூன்று தெப்பமும் முழுதாக.)