பார்வதீபரமேச்வரௌ: பதத்தை எங்கே பிரிப்பது?

தண்டையார்பேட்டை
14.8.2025

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கும்பகோணத்தில் அக்கா வீட்டில் ஓய்வெடுக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். டாக்டர் சொல்லும்வரை புத்தகத்தைத் தொடாமல் இருங்கள். இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் அக்கா வாசித்துக் காட்டுவதற்கு வசதியாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். போனில் கேட்டால் எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேர்கிறது என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

எம்.ஏ. செமினாரில் எனக்குக் காளிதாசனின் ரகுவம்சத்தின் முதல் சுலோகம் விழுந்திருக்கிறது. எல்லோருக்கும் மனப்பாடம், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

வாகர்தாவிவ ஸம்ப்ருக்தௌ வாகர்தப்ரதிபத்தயே
ஜகத: பிதரௌ வந்தே பார்வதீபரமேச்வரௌ

சொல்லையும் பொருளையும் போலப் பிரியாமல் இணைந்திருக்கும் உலகின் பெற்றோரை, சொல்லும் பொருளும் கைவர வேண்டி வணங்குகிறேன். நீங்கள் நடத்தியபோது கடைசிப் பதத்தை நேராக 'பார்வதீ + பரமேச்வர' என்று பிரித்துவிட்டுப் போய்விட்டோம். இப்போது அதில்தான் சிக்கல்.

நூலகப் பிரதியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பதத்தின் நடுவே, 'தீப' என்பதற்குப் பிறகு, பென்சிலால் ஒரு சாய்வுக்கோடு போட்டு வைத்திருக்கிறார். அதாவது 'பார்வதீப + ரமேச்வர'. பார்வதியைக் காப்பவன் பார்வதீபன், சிவன். ரமையின் ஈச்வரன் ரமேச்வரன், திருமால். பழைய வாதம்தான், காதில் விழுந்ததும் உண்டு. வகுப்புத் தோழி ஒருத்தி அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து அந்தக் கட்சிக்கே போய்விட்டாள். சூரிய வம்சத்தைப் பாடப் போகிறவன், ராமாவதாரம் வரை வரப்போகிறவன், திருமாலை விட்டுவிட்டா தொடங்குவான் என்கிறாள். ஒற்றைக் காலில் மூன்று மூர்த்தியும் சேர்ந்து நிற்கும் சிற்பம் திருவொற்றியூர்க் கோயிலிலேயே இருக்கிறதே, இணைத்து வணங்குவதில் என்ன தப்பு என்றும் கேட்கிறாள். தப்பே இல்லை. அப்படி வணங்குவது உண்டு என்பதற்குத்தான் சிற்பம் சாட்சி. இந்தப் பதத்தில் அது இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாதே.

இலக்கணத்தால் அவளை மடக்கலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. 'பார்வதீப' என்பதற்குப் பாணினியின் 3.2.3 'ஆதோனுபஸர்கே க:' இருக்கிறது. நிருபன், பூபன் என்று நாமே சொல்கிறோமே, அதே வழி. 'பிதரௌ' என்பதும் அவளுக்குத் தடையாக இல்லை. உரைகாரர் மல்லிநாதர், மாதாவும் பிதாவும் சேர்ந்து 1.2.70 'பிதா மாத்ரா' சூத்திரத்தால் பிதா மட்டும் மிஞ்சியது என்கிறார். அவளோ பிதாவும் பிதாவும், 1.2.64 'ஸரூபாணாம்' போதும், இரண்டு தகப்பன்கள் என்கிறாள். உருவம் இரண்டுக்கும் ஒன்றே.

அப்புறம் பூர்வநிபாதம், அதாவது சமாசத்தில் எந்தச் சொல் முன்னே வரும் என்பது. பார்வதி ஏன் முன்னே வந்தாள் என்பதற்கு மல்லிநாதர் இரண்டு காரணம் தருகிறார்: தாய் அதிகம் பூஜிக்கத்தக்கவள், சொல்லும் சிறியது. உயிரெழுத்தை எண்ணினால் பார்வதீ மூன்று, பரமேச்வர ஐந்து, ஆகவே 2.2.34 'அல்பாச்தரம்' தெளிவாகப் பொருந்துகிறது. தோழியின் பிரிப்பில் பார்வதீப நான்கு, ரமேச்வர நான்கு. அங்கே இந்தச் சூத்திரத்துக்கு வேலையே இல்லை, எது வேண்டுமானாலும் முன்னே வரலாம். அவள் கட்சியை அது தடுக்கவில்லை, தாங்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் பாதத்தில் இருக்கும் 'வாகர்தௌ' என்பதும் இரண்டு சொல்லை 'உம்' போட்டுச் சேர்க்கும் த்வந்த்வம்தான். 'அர்த' என்ற சொல் உயிரில் தொடங்கி அகரத்தில் முடிகிறது, 2.2.33 'அஜாத்யதந்தம்' படி அதுதான் முன்னே வந்திருக்க வேண்டும். ஆனால் 'வாச்' என்பதில் ஓர் உயிர், 'அர்த' என்பதில் இரண்டு. இரண்டு சூத்திரமும் மோதும்போது 1.4.2 படி பின்னால் வரும் 2.2.34 ஜெயிக்கிறது, வாக்கு முன்னே வருகிறது. ஆக, மல்லிநாதர் வழியில் போனால் உவமானத்தில் பெண்பால் சொல், சிறிய சொல், முன்னே. உவமேயத்திலும் பெண்பால் சொல், சிறிய சொல், முன்னே. இரண்டையும் அடுக்கியது ஒரே சூத்திரம். வாக்குக்கு நேராகப் பார்வதி, அர்த்தத்துக்கு நேராகப் பரமேச்வரன். சொல் எல்லாம் சர்வனின் மனைவி, பொருள் எல்லாம் பிறை சூடியவன் என்று மல்லிநாதர் காட்டும் வாயுபுராண வரியும் இதே வரிசையில் உட்காருகிறது. ஹரிஹரர் என்று வைத்தால் வாக்கு யார், அர்த்தம் யார்? சிவன் வாக்காகவும் திருமால் அர்த்தமாகவும் ஆக வேண்டும். அதற்கு எந்த ஆதாரமும் என் கண்ணில் படவில்லை.

என் கட்சி இப்போதைக்கு இதுதான்: இலக்கணம் இரண்டையும் விடுகிறது, உவமைதான் ஒன்றைப் பிடிக்கிறது. இதை வைத்துக்கொண்டு மேடையில் ஏறலாமா?

இரண்டு இடத்தில் காலடி உறுதியாக இல்லை. ஒன்று, மல்லிநாதர் சொன்ன 'தாய் பூஜிக்கத்தக்கவள்' என்ற காரணம். பாணினி உரையான காசிகையில் 'அப்யர்ஹிதம் ச', பூஜிக்கத்தக்கது முன்னே, என்ற வார்த்திகத்துக்கு 'மாதாபிதரௌ' உதாரணம். அங்கே மாத்ரு, பித்ரு இரண்டிலும் உயிர் இரண்டிரண்டு, அதனால் அந்தக் காரணம் தேவைப்படுகிறது. இங்கே சொல்லின் அளவே போதுமே, பிறகு ஏன் இதையும் முதலில் சேர்த்தார்? பக்தியா, அல்லது 'பிதரௌ'வில் மறைந்து போன தாய்க்கு இந்தப் பதத்திலாவது முதலிடம் இருக்கட்டும் என்பதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது காரணம் ஆகாது என்று நீங்கள் சொல்வீர்கள்.

இன்னொன்று, சிலேடை. பதத்தை இரண்டு விதமாக உடைத்து இரண்டு பொருளும் கவி நினைத்தவைதான் என்று தோழி கடைசியில் இறங்கி வருவாள், எனக்குத் தெரியும். அப்படியானால் 'பிதரௌ' ஒரே நேரத்தில் இரண்டு ஏகசேஷமாக, ஒன்று மட்டும் மிஞ்சிய இரண்டு தனித்தனிச் சேர்க்கையாக, நிற்க வேண்டும். அது சம்மதமா? காளிதாசன் கையில் இப்படி உடைக்கிற சிலேடை அவ்வளவாகக் கிடையாதே என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

'வாகர்தாவிவ' முழுவதும் ஒரே பதம், 'இவ' சேர்ந்த சமாசம் என்று மல்லிநாதர் சொல்வதை நான் தொடப்போவதில்லை. ரிக்வேதப் பதபாடத்தில் 'பிதா-இவ' என்று வருவதை மட்டும் ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். யாராவது வேற்றுமை உருபு ஏன் கெடவில்லை என்று கேட்டால் மட்டும் வார்த்திகத்தைச் சொல்கிறேன். போதுமா?

செமினார் அடுத்த வெள்ளிக்கிழமை. தபால் தலை ஒட்டிய கவர் உள்ளே வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல அக்கா நாலு வரி எழுதிப் போட்டாலும் போதும். சூத்திர எண் மட்டும் சொன்னாலும் நான் தேடிக்கொள்வேன். உங்கள் வீட்டுத் துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாமியிடம் சாவி இருக்கிறது. அலமாரியில் இருக்கும் காசிகை இரண்டாம் பாகத்தைச் செமினார் முடியும்வரை எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.

தங்கள் மாணவி,
தேன்மொழி