பராமரிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி கோரிய தங்கள் கடிதத்திற்குப் பதில்

பெறுநர்: கொள்முதல் மேலாளர் அவர்கள், மருந்துக் கிடங்கு நிர்வாகம்

பொருள்: நான்கு குளிர் அறைகளுக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மார்ச் 4 அன்று தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஒப்பந்தக் கட்டணத்தில் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும், இரவு நேர அழைப்புகளில் தங்கள் கிடங்கிற்கு மற்ற வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் முன்பாக ஆள் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் எங்களால் இசைய முடியவில்லை. ஏழு ஆண்டுகளாக நேருக்கு நேர் பேசிப் பழகிய நமக்குள் பதிலைச் சுற்றி வளைப்பது முறையாகாது என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன்.

கடந்த ஆண்டு இரண்டே முறைதான் பழுது ஏற்பட்டது, அப்படியிருக்க இவ்வளவு கட்டணம் எதற்கு என்பது தங்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி. எங்கள் வேலையின் பெரும்பகுதி தங்கள் கண்ணில் படாமல் நடப்பதால் எழுவது. காலாண்டுக்கு ஒருமுறை வரும் எங்கள் தொழில்நுட்பர்கள் கண்டென்சர் சுருளில் படிந்த தூசியை அகற்றுகிறார்கள். அதை விட்டுவிட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடி, மின்கட்டணத்தையும் உயர்த்தித் தன் ஆயுளையும் குறைத்துக்கொள்ளும். கதவு ரப்பரின் இறுக்கம், குளிர்வாயுக் கசிவு, உறைபனி நீக்கும் ஹீட்டர், வெப்பநிலை உணரிகளின் துல்லியம் ஆகியவற்றையும் அதே வருகையில் சோதிக்கிறார்கள். நவம்பர் மாத வருகையின்போது இரண்டாம் அறையின் ஹீட்டர் செயலிழக்கும் நிலையில் இருந்ததைக் கண்டு மாற்றினோம். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஆவியாக்கிச் சுருள் பனியால் மூடிக் காற்றோட்டம் அடைபட்டு, அறை 8 டிகிரியைத் தாண்டியிருக்கும். தங்கள் கிடங்கில் உள்ள தடுப்பூசிகளும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை. வெப்பம் மட்டுமின்றி, உறைந்து போவதும் இன்சுலினையும் பல தடுப்பூசிகளையும் பாழாக்கிவிடும். ஆண்டு முழுவதும் இரண்டே பழுதுகள் என்றால், மற்றவை பழுதாகும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டன என்று தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

25 சதவீதத்தைக் குறைத்தால் அது எங்கிருந்தாவது வெளியே வர வேண்டும். தொழில்நுட்பர்களின் ஊதியத்தில் கைவைக்க நான் விரும்பவில்லை. அனுபவம் மிக்கவர்கள் விலகிப்போனால் முதலில் பாதிக்கப்படுவது தங்களைப் போன்ற வாடிக்கையாளர்கள்தான். குளிர்வாயுவிலும் மிச்சம் பிடிக்க முடியாது. தங்கள் பழைய அறைகள் இரண்டும் ஆர்-404ஏ வாயுவில் இயங்குகின்றன. அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு புவியை வெப்பமாக்கக்கூடியது என்பதால், 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களின் உற்பத்தியும் பயன்பாடும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகின்றன. இனி அது மலிவாகும் என்று எண்ணித் திட்டமிட எங்களால் முடியாது. மிஞ்சுவது இரண்டே வழிகள்: நான்கு வருகைகளை மூன்றாக்குவது, அல்லது உணரிகளைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகப் பதிவேட்டில் எழுதுவது. முதலாவது ஆபத்தானது. இரண்டாவது பொய். தங்களிடம் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு அப்படி எதையும் செய்ய மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே அளவு அறைகள் வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களிடமும் இதே கட்டணத்தையே பெறுகிறோம். அழுத்திக் கேட்பவருக்கு ஒரு விலை, கேட்கத் தயங்குபவருக்கு ஒரு விலை என்று வைத்துக்கொண்டால், நான் அடுத்த ஆண்டு சொல்லும் விலையைத் தாங்களே நம்ப மாட்டீர்கள்.

இரவு நேர முன்னுரிமை பற்றி: நாங்கள் அழைப்புகளை வந்த வரிசையிலோ வாடிக்கையாளரின் அளவை வைத்தோ எடுப்பதில்லை. எந்த அறையின் வெப்பநிலை எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது, உள்ளே இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பார்த்தே ஆள் அனுப்புகிறோம். ஜூலை மாதத்தில் ஓர் இரவு, தங்களுக்கு 40 நிமிடங்கள் முன்னதாக அழைத்த இன்னொரு வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தங்களிடம் வந்தோம். தங்கள் முதலாம் அறை 7.5 டிகிரியைக் கடந்திருந்தது, அவருடைய பொருள் காலைவரை தாங்கக்கூடியதாக இருந்தது. அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அன்று தங்களைக் காத்த விதியை இன்று தங்களுக்காகவே மாற்றினால், அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

ஆயினும், செப்டம்பரில் எங்கள் ஆள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததைத் தாங்கள் குறிப்பிட்டிருப்பது முற்றிலும் உண்மை. பணிமுறை மாறியபோது இரவுப் பொறுப்புக்கான கைப்பேசி ஒப்படைக்கப்படாமல் போனது எங்கள் தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது ஒப்படைப்பில் இருவரும் கையொப்பமிடுகிறார்கள், ஒரு எண் எடுக்கப்படாவிட்டால் அழைப்பு தானாக மற்றொருவருக்குச் செல்கிறது. அந்த வருகைக்கான தொகையை வரும் பட்டியலில் கழித்துவிடுகிறோம். அது சலுகையாகாது, தங்களுக்குச் சேர வேண்டியது.

கட்டணத்தை நேர்மையாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஜனவரி முதல் தங்கள் நான்காம் அறை காலியாக, அணைத்தே கிடக்கிறது. அதை ஒப்பந்தத்திலிருந்து நீக்கிவிடலாம். அதற்குரிய பங்கு முழுவதும் குறையும். மீண்டும் இயக்கும் முன் ஒருமுறை மட்டும் எங்களை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொகையை ஒரே தவணையாகச் செலுத்துவது தற்போது சுமையாக இருந்தால், கூடுதல் கட்டணமின்றி நான்கு தவணைகளாகப் பிரித்துக்கொள்ளவும் சம்மதம்.

தங்களிடம் குறைந்த விலை சொன்ன மற்றொரு நிறுவனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் வேலையை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய விலைப்புள்ளியில் குளிர்வாயுவும் உதிரிபாகங்களும் அடங்குமா, உணரிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவார்களா, இரவு வருகைக்குத் தனிக்கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் அதுவே தங்களுக்கு ஏற்றது எனத் தோன்றினால், ஏழு ஆண்டுகளின் பராமரிப்புப் பதிவுகள், மாற்றிய பாகங்களின் பட்டியல், ஒவ்வோர் அறையின் குணநலன்கள் பற்றிய எங்கள் குறிப்புகள் அனைத்தையும் புதியவர்களிடம் ஒப்படைத்து, ஒரு நாள் உடனிருந்து விளக்கவும் செய்வோம். அதற்குக் கட்டணம் இல்லை, மனவருத்தமும் இல்லை.

தற்போதைய ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது. நான்காம் அறையை நீக்கிய திருத்திய வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். முடிவெடுக்க அவகாசம் தேவைப்பட்டால் ஏப்ரல் மாதம் முழுவதும் பழைய விதிமுறைகளின்படியே பணியைத் தொடர்கிறோம். பேச்சு முடியவில்லை என்பதற்காக ஓர் அறையும் கவனிப்பாரின்றி இருக்கக் கூடாது. நேரில் பேச விரும்பினால் தங்கள் வசதிப்படி ஒரு நாளைச் சொல்லுங்கள், பதிவேடுகளுடன் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: மூன்று அறைகளுக்கான திருத்திய ஒப்பந்த வரைவு