கறுப்பு கோட்டை கட்டலாமா? பின்னோக்கிப் பார்க்கும் ஒரு புதிர்

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் என் வீட்டுக் கூடத்தில் சதுரங்கம் பழகும் பிள்ளைகளுக்காக இந்தப் புதிரை அமைத்தேன். இதில் வெள்ளை நகர்த்த வேண்டும். இரண்டு நகர்வுகளில் செக்மேட் ஆக வேண்டும்.

வெள்ளைக்கு e6-இல் ராஜாவும் a1-இல் ராணியும் மட்டுமே இருக்கின்றன. கறுப்புக்கு e8-இல் ராஜாவும் a8-இல் யானையும், a7, c7, e7, f6, g7 ஆகிய கட்டங்களில் சிப்பாய்களும் இருக்கின்றன. கணினியில் அடுக்கிப் பார்க்க விரும்புவோர் இதைப் பயன்படுத்தலாம்:

```
r3k3/p1p1p1p1/4Kp2/8/8/8/8/Q7 w
```

கோட்டை கட்டும் உரிமையைக் குறிக்கும் எழுத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஏனென்றால் புதிரே அதுதான்.

ராணியை h1-க்குக் கொண்டு போனால் அடுத்து h8-இல் செக்மேட் வரும் என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் சில நிமிடங்களில் கண்டுவிடுகிறார்கள். ராஜா d8-க்குப் போனாலும் f8-க்குப் போனாலும், யானை எட்டாம் வரிசையில் எங்கே நகர்ந்தாலும், சிப்பாயைத் தள்ளினாலும் அதே h8 முடித்துவிடுகிறது. ஆனால் கறுப்பு ராணிப் பக்கம் கோட்டை கட்டிவிட்டால் ராஜா c8-க்கும் யானை d8-க்கும் வந்துவிடும். அதன் பிறகு h8-க்கு வரும் ராணியை யானையே வெட்டிவிடும். ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: கறுப்பு ராஜாவோ a8 யானையோ ஏற்கெனவே நகர்ந்திருக்கிறதா?

சதுரங்கப் புதிர்களுக்கான உலக விதித்தொகுப்பின் 16ஆம் விதி, ராஜாவோ யானையோ நகர்ந்துவிட்டது என்று நிரூபிக்க முடியாதவரை கோட்டை கட்டலாம் என்றே கொள்ளச் சொல்கிறது. போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் 'ஆன் பாஸான்' நகர்வுக்கு நேர்மாறான விதி: கடைசி நகர்வு அந்த இரட்டை அடிதான் என்று நிரூபித்தால் மட்டுமே வெட்டலாம். எனவே இங்கே நிரூபிக்கும் பொறுப்பு வெள்ளைக்கு உரியது, "நகர்ந்திருக்கக்கூடும்" என்பது போதாது.

ஏற்காடு மலைப்பாதையின் வளைவுப் பலகையில் உள்ள எண், எத்தனை கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தோம் என்று சொல்லிவிடுவதைப் போல, காய்கள் நிற்கும் இடமும் கடந்து வந்த வழியைச் சொல்லும். இப்போது நகர்த்த வேண்டியது வெள்ளை என்பதால் கடைசியாக நகர்த்தியது கறுப்பு. அதன் பிறகு வெள்ளை எதையும் வெட்டவில்லை. ஆகையால் கடைசியாக நகர்ந்த காய் இன்னும் பலகையில்தான் நிற்கிறது. a7, c7, e7, g7 சிப்பாய்கள் பிறந்த கட்டத்திலேயே இருக்கின்றன. சிப்பாய்க்குப் பின்வாங்கும் வழி இல்லாததால் அவை நான்கும் ஒருமுறைகூட நகர்ந்ததில்லை. மிச்சம் இருப்பவை f6 சிப்பாய், யானை, ராஜா ஆகிய மூன்றே.

புதிரின் உயிர் அந்த f6 சிப்பாயில் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு சிறுவன் "கடைசி நகர்வு f7-இலிருந்து f6 என்று வைத்துக்கொண்டால் ராஜாவும் யானையும் நகராமலே இருந்திருக்கலாமே, சார்" என்று கேட்டான், சரியான கேள்வி. "அதை f7-இல் வைத்துப் பார், தம்பி" என்றேன். சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தவன், விரலை எடுக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். f7-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் e6-ஐயும் g6-ஐயும் தாக்கும். அப்படியானால் கறுப்பு நகர்த்தும் முறையின்போதே e6-இல் உள்ள வெள்ளை ராஜா செக்கில் இருந்திருக்க வேண்டும். தன் ராஜாவைச் செக்கில் விட்டுவிட்டு வெள்ளை முறையை ஒப்படைத்திருக்க முடியாது என்பதால் அந்த நிலை விதிப்படி தோன்றவே தோன்றாது. சிப்பாய் வெள்ளை ராஜா e6-க்கு வருவதற்கு முன்பே f6-க்கு வந்திருக்க வேண்டும்.

வெட்டி வந்திருக்கலாமே என்ற ஐயமும் எழும். f6-க்கு வெட்டி வர e7, g7 ஆகிய இரண்டு கட்டங்களிலிருந்து மட்டுமே முடியும். இரண்டிலும் இப்போது கறுப்புச் சிப்பாய்கள் நிற்கின்றன. ஒரு காய் புறப்பட்டுப் போன கட்டத்தில் அடுத்த நகர்வுக்கு முன் வேறு காய் வந்து நிற்க வழியில்லை. பார்வைக்கு வெறும் கூட்டமாகத் தெரியும் அந்த இரு சிப்பாய்களும் இந்த வேலைக்காகவே அங்கே வைக்கப்பட்டவை.

ஆகவே கடைசி நகர்வு ராஜாவுடையது அல்லது யானையுடையது. யானை b8-இலிருந்து a8-க்கு வந்ததா, ராஜா d8-இலிருந்து e8-க்கு வந்ததா என்று தீர்மானிக்க முடியாது, அது தேவையும் இல்லை. எதுவாக இருந்தாலும் கோட்டை கட்டும் உரிமை போய்விட்டது. விடை:

```
1.Qh1  …  2.Qh8#
```

அடுத்த வகுப்புக்கு ஒரு மாற்றம் தருகிறேன். g7 சிப்பாயை மட்டும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது கடைசி நகர்வு g7-இலிருந்து f6-இல் ஒரு வெள்ளைக் காயை வெட்டியதாக இருக்கலாம். அந்த நிலையில் வெள்ளை ராஜாவுக்குச் செக் எதுவும் இல்லை. நிரூபணம் உடைந்துவிடுவதால் கறுப்பு கோட்டை கட்டலாம், h1-க்குப் போன ராணிக்கு 1…0-0-0 என்ற பதில் கிடைத்துவிடுகிறது.