பெயர் பொறித்த ஸ்டீல் மக், பெயர் கீ செயின்: ஆர்டர் போடும் முன் படிக்கவும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கடையிலேயே லேசர் மெஷினில் பொறித்துத் தருகிறோம். வெளியே கொடுத்து வாங்குவதில்லை. அதனால் உங்கள் பெயரின் ஒவ்வொரு சுழியையும் நாங்களே கண்ணால் பார்த்துத்தான் அனுப்புகிறோம்.

ஸ்டீல் மக் 350 மி.லி. பிடிக்கும், இரட்டைச் சுவர் கொண்டது. மேலே கறுப்பு, கடல் நீலம், மெரூன் என மூன்று நிறப் பூச்சு. லேசர் அந்தப் பூச்சை மட்டும் எடுத்துவிடும், உள்ளே இருக்கும் ஸ்டீல் எழுத்தாகத் தெரியும். ஆகவே எழுத்தின் நிறம் எப்போதும் வெள்ளிதான். தங்க நிறம், சிவப்பு கேட்டால் இதில் முடியாது. போட்டோவோ வண்ணமோ வேண்டுமென்றால் பீங்கான் மக் வாங்குங்கள், ஆனால் அது பொறிப்பு இல்லை, பிரிண்ட். விலை: ஸ்டீல் 549 ரூபாய், பீங்கான் 299 ரூபாய். ஸ்டீல் மக்கை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.

கீ செயின் இரண்டு வகை. ஒன்று 50 மி.மீ. நீளப் பித்தளைத் தகடு; இதில் ஆழமாகப் பொறித்துக் கறுப்பு நிரப்புகிறோம், 249 ரூபாய். மற்றது பெயரின் வடிவத்திலேயே வெட்டிய மரம், 179 ரூபாய். காசிமேட்டில் இருந்து படகு சாவிக்காக வாங்குகிறவர்களுக்குப் பித்தளையைத்தான் சொல்வோம், மரம் ஈரத்தில் ஊறிவிடும்.

எழுத்து அளவு: மக்கில் ஒரு வரிக்குத் தமிழில் 10, ஆங்கிலத்தில் 14, மொத்தம் இரண்டு வரி. கீ செயினில் ஒரே வரி, தமிழில் 7, ஆங்கிலத்தில் 10. இடைவெளியும் ஒரு எழுத்துதான், இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியும் அப்படியே.

தமிழை நாங்கள் தமிழ் எழுத்தாகவே எண்ணுகிறோம். 'சொக்கலிங்கம்' என்றால் சொ, க், க, லி, ங், க, ம், ஆக ஏழு. கொம்பையும் காலையும் மெய்யின் புள்ளியையும் தனியாக எண்ணிக் காசு கேட்க மாட்டோம். ஆனால் தகட்டுக்கு எண்ணிக்கை தெரியாது, அகலம்தான் தெரியும். 'கௌசல்யா' நான்கே எழுத்து. 'கௌ' மட்டும் மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பெயரில் எழுத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைப்போம். 4 மி.மீட்டருக்குக் கீழே குறைத்தால் 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழி அடைபட்டுவிடும். அந்த நிலை வந்தால் பெயரைச் சுருக்கலாமா என்று உங்களிடம் கேட்போம், நாங்களாக எதையும் வெட்ட மாட்டோம்.

எழுத்துரு நான்கு வைத்திருக்கிறோம். முக்தா மலர் தெளிவானது; பெரியவர்களுக்குக் கொடுக்கும் பரிசென்றால் இதையே எடுங்கள். கவிவனார் கையால் எழுதியது போலச் சாய்ந்திருக்கும், மக்கில் அழகு. பாலு தம்பி தடிமனாக, உருண்டையாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கேட்டமரன் மெலிந்தது, கட்டுமரம் என்ற நம் சொல்லில் இருந்து பெயர் வாங்கியது, பித்தளைக்கு நன்றாகப் பொருந்தும்.

மரக் கீ செயினுக்கு மட்டும் எழுத்துருவை நாங்களே முடிவு செய்கிறோம், காரணம் உண்டு. 'கண்ணன்' என்று வெட்டினால் 'ண்', 'ன்' இரண்டின் புள்ளியும் எதிலும் ஒட்டாமல் தனி வட்டமாகக் கழன்று விழும். முதன்முதலில் வெட்டியபோது மெஷின் தட்டில் இரண்டு சின்னப் பொட்டு மட்டும் கிடந்தது, கையில் 'கணணன' இருந்தது. இப்போது பாலு தம்பியில் போட்டு, புள்ளியை எழுத்தின் தலையோடு மெல்லிய பாலம் வைத்து இணைக்கிறோம். அந்தப் பாலம் கண்ணுக்குத் தெரியும், குறை என்று நினைக்க வேண்டாம்.

பெயரை வாட்ஸ்அப்பில் தமிழிலேயே டைப் செய்து அனுப்புங்கள். 'Saravanan' என்று அனுப்பினால் மூன்று சுழி 'ண'வா, இரண்டு சுழி 'ன'வா என்று எங்களால் ஊகிக்க முடியாது. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். பத்துக்கு மேல் பெயர் இருந்தால் வரிசை எண் போட்டு ஒரே மெசேஜில் தாருங்கள்.

அப்புறம் புரூஃப். பணம் கட்டிய ஒரு வேலை நாளுக்குள், பொருளின் மேல் பெயர் எப்படி வருமோ அதே படத்தை அனுப்புவோம். அதை அவசரமாகப் பார்க்காதீர்கள். ல, ள, ழ, ஒற்று, இனிஷியல், தேதி இருந்தால் ஆண்டு, இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பரிசு பெறுகிறவரின் வீட்டில் ஒருவரிடமும் காட்டுங்கள், 'மு.' என்று போடுவாரா 'எம்.' என்று போடுவாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். திருத்தம் இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் முறைக்கு 30 ரூபாய்.

எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் படத்துக்கே 'சரி' என்று பதில் போடுங்கள். தம்ஸ் அப் போட்டால் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 'சரி' வந்த பிறகே மெஷினில் ஏற்றுவோம். பொறித்ததை அழிக்க முடியாது, அதனால் அதன் பின் மாற்றமோ ரீஃபண்டோ இல்லை. புரூஃபில் இருந்ததற்கு மாறாக நாங்கள் பொறித்திருந்தால் எங்கள் செலவில் புதிதாகச் செய்து தருவோம். ஏழு நாள் வரை பதில் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புவோம்.

ஒப்புதலுக்குப் பின் இரண்டு வேலை நாள். 50-க்கு மேல் என்றால் ஆறு நாள். கடைக்கு வந்து வாங்குவதானால் சர் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்தே வரலாம். மற்றவர்களுக்கு கூரியர் 60 ரூபாய்.