தொக்கு வியாபாரத்துக்கு வாட்ஸ்அப் திட்டம்

அண்ணி, நேற்று மாடியில் பேசியதை எழுதிவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

முதலில் கேட்டலாக். வாட்ஸ்அப் பிசினஸில் 500 பொருள் வரை ஏற்றலாம், நமக்கு ஆறு போதும்: இறால் தொக்கு (200 கிராம் ₹240), நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு (200 கிராம் ₹160), பூண்டுத் தொக்கு, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. எல்லாவற்றிலும் எடை, விலை, காரம், எத்தனை நாள் தாங்கும் என்பது இருக்கட்டும். நம்முடைய 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் வேண்டும். விலையை மறைக்கவே வேண்டாம் அண்ணி. கேட்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுவார்கள்.

டியூப்லைட்டில் எடுத்த படத்தில் இறால் கறுத்துத் தெரிகிறது. காலை எட்டு மணிக்கு ஜன்னல் ஓரம் வெள்ளைத் தட்டில் சூடான சோறு போட்டு, மேலே ஒரு கரண்டி தொக்கு வையுங்கள். எண்ணெய் சோற்றில் இறங்கும் அந்த நிமிஷத்தில் எடுக்க வேண்டும். லேபிள் தெரிகிற மாதிரி பாட்டில் படம் ஒன்று, அவ்வளவுதான்.

அப்புறம் பிராட்காஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். போன மாதம் 140 பேருக்கு அனுப்பியும் பதிலே இல்லையே என்று வருத்தப்பட்டீர்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். பார்சல் கொடுக்கும்போதே, "மெசேஜ் அனுப்பலாமா, நம்பரை சேவ் பண்ணிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். சரி என்றவர்களை மட்டும் சேர்ப்போம். சைவம், அசைவம் என்று இரண்டு லிஸ்ட். சைவக்காரர்கள் வீட்டுக்குக் கருவாட்டுப் படம் போகக் கூடாது.

வாரத்துக்கு ஒரே மெசேஜ், வியாழன் மாலை ஏழு மணிக்கு. வெள்ளி இரவு எட்டோடு ஆர்டர் முடிந்தது. சனி விடியற்காலை எண்ணிக்கை பார்த்துக் காசிமேட்டில் இறால் வாங்குகிறோம், அன்றே தொக்கு. ஞாயிறு பதினொன்றுக்குள் டெலிவரி. செவ்வாய்க்கிழமை ஸ்டேட்டஸில் ஒரு சமையல் படம், வேறு எதுவும் வேண்டாம். தினமும் குட்மார்னிங் அனுப்பினால் நம்மை மியூட் செய்துவிடுவார்கள்.

இந்த வியாழன் அசைவ லிஸ்டுக்கு இதை அப்படியே அனுப்புங்கள்:

"வணக்கம். சனிக்கிழமை காலை காசிமேட்டு இறாலில் தொக்கு செய்கிறோம். 200 கிராம் ₹240. இந்த வாரம் 25 பாட்டில் மட்டும். வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயர், எத்தனை பாட்டில், முகவரி அனுப்புங்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்கு டெலிவரி ₹30. மெசேஜ் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள், எடுத்துவிடுகிறோம்."

25 ஆனதும் நிறுத்திவிடுங்கள், யார் கேட்டாலும். அடுத்த வாரம் முதலில் அவர்களுக்கே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, இறால் விலை ஏறிவிடும். அந்த 61 நாளும் கேட்டலாக்கில் இறால் தொக்கை Hide item போட்டு மறைத்துவிட்டு, பூண்டுத் தொக்கையும் புளிக்காய்ச்சலையும் முன்னால் வைப்போம். கருவாடு மட்டும் மார்ச்சிலேயே வாங்கி வைக்க வேண்டும்.